கடைசியாகப் போடும் காலை, மறுபடி போடும் காலை

ஒரு திங்கட்கிழமை இரவு பயணம் முடிந்து வீடு திரும்பிப் படியேறினோம். கதவுக்கு நாலு படி கீழேயே புளித்த வாடை வந்துவிட்டது. கதவுப் பிடியில் மாட்டியிருந்த பையில் இரண்டு பால் பாக்கெட்டுகள், அன்று காலை போட்டவை. பகல் முழுக்க வெயில் படுகிற இடம் அது. ஒரு பாக்கெட் உப்பி, ஓரத்தில் விட்டுப்போய், பால் சொட்டி மிதியடியில் காய்ந்திருந்தது.

கிளம்பும்போது பால் போடும் அண்ணனிடம் நான் சொன்ன வாக்கியம் நன்றாக நினைவிருக்கிறது. "திங்கள் வரைக்கும் பால் வேண்டாம் அண்ணா." மறுநாள் காலை அவரிடம் கேட்டேன். "திங்கள் வரைக்கும் வேண்டாம்னு சொன்னீங்க, அதான் திங்கள்லேருந்து போட்டேன்" என்றார். நான் நினைத்தது, திங்களும் வேண்டாம், செவ்வாயிலிருந்து போடட்டும் என்று. அவர் புரிந்துகொண்டது, ஞாயிறோடு நிறுத்தம் முடிகிறது என்று. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்திருந்தோம்.

யோசித்துப் பார்த்தால் தவறு 'வரை' என்ற சொல்லில் இருந்தது. "முதல் பக்கத்திலிருந்து பத்தாம் பக்கம் வரை படி" என்றால் பத்தாம் பக்கமும் சேர்த்தி. "நான் வரும் வரை இங்கேயே இரு" என்றால் நான் வந்ததும் அது முடிந்துவிடுகிறது. ஒரே சொல் சில இடங்களில் கடைசி நாளை உள்ளே இழுத்துக்கொள்ளும், சில இடங்களில் வெளியே விட்டுவிடும். எதிரில் நின்று பேசினால் முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். நான்கு நாள் கழித்து, விடியாத நேரத்தில், வேறொருவர் ஞாபகத்திலிருந்து அதை எடுத்துப் பார்க்கும்போது இரண்டில் எது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும்.

அன்றிலிருந்து நான் 'எத்தனை நாள் வேண்டாம்' என்று சொல்வதை விட்டுவிட்டேன். இரண்டு காலைகளை மட்டும் சொல்கிறேன். கடைசியாகப் போட வேண்டிய காலை எது, மறுபடி போட வேண்டிய காலை எது. நாம் எப்போது கிளம்புகிறோம், எந்த ஊருக்குப் போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத கணக்கு. அவர் நாள்களை எண்ணுவதில்லை. ஒவ்வொரு விடியலிலும் நம் வாசலுக்கு வரும்போது அவருக்கு ஒரே கேள்விதான்: இன்றைக்கு இந்த வீட்டுக்கு உண்டா, இல்லையா? நாம் அனுப்பும் செய்தி அந்தக் கேள்விக்கு, அந்த நேரத்தில், வேறு எதையும் யோசிக்காமல் பதில் தர வேண்டும்.

போன மாதம் நாங்கள் ஒரு பயணம் போனோம். அதை வைத்தே சொல்கிறேன். 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு ரயில். திரும்பும் ரயில் 20-ஆம் தேதி திங்கள் காலை 7 மணிக்கு வந்து சேரும். பால் வீட்டுக்கு வருவது காலை 5.30 வாக்கில். தினமும் இரண்டு அரை லிட்டர் பாக்கெட்.

முதலில் கடைசிக் காலையைத் தீர்மானிக்க வேண்டும். வெள்ளி இரவுதான் கிளம்புகிறோம் என்பதால் வெள்ளி காலைப் பால் வேண்டும் என்று தோன்றும். ஆனால் கிளம்பும் நாளில் ஒரு லிட்டர் பாலையும் குடித்து முடிக்க மாட்டோம். மிச்சத்தைக் காய்ச்சி வைத்தாலும் இரவு என்ன செய்வது? அதனால் வெள்ளிக்கு மட்டும் ஒரு பாக்கெட் போதும் என்று அளவைக் குறைத்தேன். இந்த ஒரு நாள் மாற்றத்தைச் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினேன், ஏனென்றால் செய்தியில் ஒவ்வொரு கூடுதல் விவரமும் தவறு நடக்க ஒரு இடம். அப்புறம் அதைத் தனியாக, வியாழன் காலை அவர் பால் போட வந்தபோது வாயாலேயே சொல்லிவிட்டேன். பயணச் செய்தியில் அதைச் சேர்க்கவில்லை.

திரும்பும் காலைதான் கடினமானது. திங்கள் காலை 7 மணிக்கு ரயில் நிலையம், வீடு வந்து சேர 8 மணி. பால் 5.30-க்கே வந்துவிடும். இரண்டரை மணி நேரம் அது வாசலில் இருக்கும். சாதாரணப் பாக்கெட் பால் பதப்படுத்தியதுதான் என்றாலும், கிருமிகள் முற்றிலும் இல்லாதது அல்ல. குளிரில் இருந்தால் மட்டும் தாங்கும். வெளியே வைத்தால் 2 மணி நேரம், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லும் அளவு. இதில் ரயில் தாமதம் வேறு. அதனால் திங்கள் காலைப் பாலை விட்டுவிட்டேன். திரும்பும் வழியில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டால் முடிந்தது. மறுபடி போட வேண்டிய காலை 21, செவ்வாய். வீடு திரும்பும் நாளும் மறுபடி பால் போடும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை நான் வாசலில் அந்த வாடையை நுகர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நான் அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் அண்ணா. வீட்டு எண் 14, இரண்டாம் மாடி.
கடைசியாகப் பால் போட வேண்டிய நாள்: 10, வெள்ளி காலை.
11 சனி, 20 திங்கள் இரண்டு நாளும் சேர்த்து, இடையில் எல்லா நாளும் பால் வேண்டாம். மொத்தம் 10 நாள்.
மறுபடி போட வேண்டிய நாள்: 21, செவ்வாய் காலை. வழக்கம்போல 2 அரை லிட்டர்.
பார்த்துவிட்டு, எந்த நாளிலிருந்து மறுபடி போடுவீர்கள் என்று ஒரு பதில் போடுங்கள்."

இதில் ஒரே விஷயம் மூன்று விதமாக இருக்கிறது, வேண்டுமென்றேதான். தேதியோடு கிழமை இருக்கிறது. அவர் மனதில் கிழமைதான் ஓடும், நோட்டில் தேதிதான் இருக்கும். தேதியைத் தவறாகத் தட்டியிருந்தால் கிழமை பொருந்தாது, அவர் கேட்டுவிடுவார். மொத்த நாள் எண்ணிக்கையும் அதே வேலையைச் செய்கிறது. 11 முதல் 20 வரை, இரண்டும் சேர்த்தால் 10. 20-இல் 11-ஐக் கழித்து 9 என்று போடுகிறவர்கள் நிறைய, நானும் போட்டிருக்கிறேன். கழித்ததோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். எண்ணிக்கை இடிக்கிறதே என்று யாராவது கவனித்தால் தவறு அங்கேயே பிடிபடும்.

வீட்டு எண்ணை முதலில் போடுவது பலருக்குத் தேவையில்லாததாகத் தோன்றும். 'என் எண்தான் அவரிடம் இருக்கிறதே' என்போம். அவரிடம் நம் எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை எங்கள் பால் அண்ணன் தன் போனைக் காட்டியபோது, வரிசையாக 'மாடி வீடு', 'மாடி வீடு புது', 'நாய் வீடு', 'பச்சை கேட்' என்று இருந்தது. எண் பதிவாகாத வீடுகளும் உண்டு. தவிர, நம் செய்தி அவரோடு நிற்பதில்லை. கணக்கு பார்ப்பவர் ஒருவர், லைனில் பால் போடுகிற தம்பி வேறொருவர். அவர் நம் செய்தியை அப்படியே அந்தத் தம்பிக்கு அனுப்பிவிடுவார். அந்தத் தம்பியின் போனில் நம் பெயரும் எண்ணும் எதுவும் இருக்காது. செய்திக்குள்ளேயே வீடு இல்லை என்றால் அது யாருடைய வாசலுக்கும் பொருந்தாத செய்தி.

இதே காரணத்தால் 'நாளையிலிருந்து' என்ற சொல்லை நான் எழுதுவதே இல்லை. இரவு 11.40-க்கு மூட்டை கட்டிக்கொண்டே 'நாளையிலிருந்து பால் வேண்டாம்' என்று அனுப்புகிறோம். அவர் படுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படிக்கிறார். அவருக்கு 'நாளை' என்பது அடுத்த நாள். ஒரு நாள் தள்ளிவிட்டது. நள்ளிரவு தாண்டி அனுப்பினால் நமக்கே எது நாளை என்று குழம்பும். 'அடுத்த வெள்ளி'யும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை அன்று 'அடுத்த வெள்ளி' என்றால் மூன்று நாளில் வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா? ஒரே வீட்டுக்குள் இருக்கிறவர்களே இதில் ஒத்துப்போவதில்லை.

இன்னொரு சொல்லையும் தவிர்க்கிறேன்: 'நிறுத்துங்கள்'. வெகு காலம் முன்பு, வேறொரு வீட்டில் இருந்தபோது, "பாலை நிறுத்திடுங்க, வந்ததும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் போனோம். அவர் காதில் விழுந்தது 'நிறுத்திடுங்க' மட்டும்தான். அதை முழுதாக விலகிக்கொள்வதாக எடுத்துக்கொண்டு, அந்த ஒரு லிட்டரைப் பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து கேட்டால், "இப்போதைக்கு மிச்சம் இல்லையேம்மா" என்றார். அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் வைத்திருந்தது சொந்த மாடுகள். மாடு தருவது இவ்வளவுதான். வாடிக்கை ஒன்று போனால் இன்னொன்றைப் பிடித்தாக வேண்டும். 'வேண்டாம்' என்பதற்குப் பக்கத்திலேயே 'மறுபடி போட வேண்டிய நாள்' என்று ஒரு தேதி இருந்திருந்தால் அந்த இடம் எனக்காகக் காத்திருந்திருக்கும். திரும்பும் தேதி உறுதியாகத் தெரியாத பயணங்களிலும் நான் இப்போது ஒரு தேதி போடுகிறேன். சற்றுத் தள்ளியே போடுகிறேன், "இதற்கு முன்னால் வந்தால் நானே சொல்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்து.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? இங்கேதான் பால், பேப்பர், காய்கறி மூன்றும் ஒன்றல்ல என்பது தெரிய வரும். பாக்கெட் பால் போடுகிறவர் மறுநாளைக்கு எத்தனை பாக்கெட் என்று முந்தின நாளே ஆர்டர் சொல்லிவிடுகிறார். எத்தனை மணிக்குள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த நேரம் தாண்டி நாம் 'வேண்டாம்' என்றால் பாக்கெட் ஏற்கெனவே அவர் பெயரில் வந்துவிட்டது. அதை அவர் வேறு யார் தலையிலாவது கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டம் அவருக்கு. மாட்டுக்காரருக்கு இன்னும் நெருக்கடி, நாம் இல்லை என்பதற்காக மாடு கறக்காமல் இருக்காது. இரண்டு மூன்று நாள் முன்னால் தெரிந்தால், அதை யாருக்குக் கொடுப்பது, எதில் உறை ஊற்றுவது என்று அவர் பார்த்துக்கொள்வார். நான் இரண்டு நாள் முன்பு சொல்கிறேன். ஒரு வாரம் முன்பே சொல்வதும் சரியாக வருவதில்லை, செய்தி மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. அப்படி முன்கூட்டியே சொல்லியிருந்தால் கிளம்பும் முந்தின நாள் மதியம் அதே செய்தியை மறுபடி அனுப்புவது நல்லது. அதே செய்தியை, ஒரு எழுத்து மாறாமல்.

மதியம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. காலையில் அவர் லைனில் இருக்கிறார், ஒரு கையில் வண்டி, ஒரு கையில் பை. பார்த்துவிட்டு 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார். லைன் முடித்து, சாப்பிட்டு, கணக்கு எழுத உட்காரும் நேரத்தில் வந்தால் நோட்டில் ஏறும். எங்கள் அண்ணனுக்கு அது காலை 11 மணிக்கு மேல். உங்களவருக்கு எப்போது என்று கேட்டால் அவரே சொல்வார்.

பேப்பர் விஷயம் வேறு மாதிரி. பேப்பர் ஏஜெண்டும் தனக்கு எத்தனை பிரதி என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் விற்காமல் தங்கும் பேப்பர் கெட்டுப் போகாது, ஒரு நாள் தாமதமாகச் சொன்னாலும் நாற்றம் இல்லை. அதனால்தான் பேப்பரை நிறுத்தச் சொல்ல மறந்துவிடுகிறோம். பேப்பரின் ஆபத்து வாசலில் குவிவதில் இருக்கிறது. மூன்று நாள் பேப்பர் மடிப்புக் கலையாமல் கேட்டுக்குள் கிடந்தால், இந்த வீட்டில் ஆள் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது. பாலில் ஒரு நாள் பிசகினால் ஒரு பாக்கெட் போகும். பேப்பரில் பிசகினால் அது ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகும்.

பேப்பருக்கு இரண்டு வழி உண்டு, எது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, அந்த நாள்களுக்குப் பேப்பரே வேண்டாம், கணக்கில் கழித்துவிடுங்கள் என்பது. இன்னொன்று, எடுத்து வைத்திருந்து திரும்பியதும் மொத்தமாகக் கொடுங்கள் என்பது. வெறுமனே 'பேப்பர் போட வேண்டாம்' என்றால் ஏஜெண்ட் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்குகிறவர்கள் இடையில் விட்ட நாள்களுக்குக் கழிப்பார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால் பல இடங்களில் கழிவு கிடையாது. கழிக்க மாட்டார்கள் என்றால் அந்த நாள்களில் பேப்பரை எதிர்வீட்டில் போடச் சொல்லிவிடலாம், யாராவது படிக்கட்டும். அப்போதும் அந்த வீட்டு எண்ணை எழுதுங்கள். 'எதிர்வீடு' என்பது படியில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

காய்கறி தினமும் வருவதாக இருந்தால் பால் மாதிரிதான். வாரம் ஒருமுறை பண்ணையிலிருந்து கூடையாக வருவதாக இருந்தால், பறிப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பறித்த கீரையை யாரும் செடியில் திருப்பி வைக்க முடியாது. எங்களுக்குக் கூடை வருவது சனிக்கிழமை. 11, 18 என்று இரண்டு கூடைகள் இந்தப் பயணத்துக்குள் விழுந்தன. அங்கே நான் எழுதியது: "11 சனி, 18 சனி, இந்த இரண்டு கூடையும் வேண்டாம். அடுத்த கூடை 25, சனி." வாரக் கூடைக்கு 'எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை' என்று சொல்வதைவிட, விட்டுப்போகும் கூடைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிடுவது எளிது.

செயலி வழியாக வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பீர்கள். இடைநிறுத்தும் வசதி அதில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 'தொடக்க நாள்', 'முடிவு நாள்' என்று இரண்டு கட்டம் கொடுத்திருப்பார்கள். அந்த முடிவு நாளில் பால் வருமா வராதா? அதே 'வரை' சிக்கல்தான், திரைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தேதிகளைப் போட்டுச் சேமித்த பிறகு நாள்காட்டிப் பக்கத்தைத் திறந்து, திரும்பும் நாளும் அதற்கு அடுத்த நாளும் எப்படிக் காட்டுகின்றன என்று பாருங்கள். அடுத்த நாள் ஆர்டரை இன்ன நேரத்துக்கு மேல் மாற்ற முடியாது என்ற வரம்பும் உண்டு. ரயிலில் உட்கார்ந்து இரவு பத்தரைக்குச் செய்து கொள்ளலாம் என்று விட்டால் அது தாண்டியிருக்கலாம்.

செய்தி அனுப்பிவிட்டோம். அது சேர்ந்ததா? நீல நிறக் குறி வந்தால் பார்த்துவிட்டார் என்று மட்டும் தெரியும், நோட்டில் ஏறியது என்று அர்த்தம் இல்லை. 'சரி' என்ற பதிலும் எனக்குப் போதவில்லை. ஒரு நாளில் ஐம்பது பேருக்கு அவர் 'சரி' போடுகிறார். அதனால்தான் செய்தியின் கடைசி வரியில் எந்த நாளிலிருந்து மறுபடி போடுவீர்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பதில் எழுத வேண்டுமானால் அவர் செய்தியைப் படித்தாக வேண்டும். இந்த முறை "21 செவ்வாய்" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அது வந்ததும் மனம் அடங்கிவிட்டது.

எழுதிப் படிக்கும் பழக்கம் இல்லாதவராக இருந்தால் போன் செய்து பேசுங்கள். குரல் பதிவை நான் விரும்புவதில்லை. பத்து நாள் கழித்து 'எந்தத் தேதி சொன்னாங்க' என்று தேட அதில் வழியில்லை. பேசி முடித்ததும் எண்களை மட்டும் ஒரு வரியாக அனுப்பி வையுங்கள்: '14. கடைசி 10 வெள்ளி. மறுபடி 21 செவ்வாய்.' எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவரும் எண்களைப் பார்ப்பார், கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு மிச்சம் புரியும்.

மேலே உள்ள செய்தியில் 'ஊருக்குப் போகிறோம்' என்று எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அண்ணன்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. அந்தச் செய்தி எத்தனை கை மாறும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பால் வேண்டாம் என்பது அவருக்குப் போதுமான தகவல். வீடு பூட்டிக் கிடக்கும் என்பது யாருக்குமே தேவையில்லாத தகவல். இதனாலேயே குடியிருப்புக் குழுவில் 'பத்து நாள் இல்லை, பால்காரரிடம் யாராவது சொல்லிவிடுங்கள்' என்று போடுவதும், கதவில் 'இந்தத் தேதி வரை பால் வேண்டாம்' என்று சீட்டு ஒட்டுவதும் வேண்டாம். சீட்டைப் பால்காரர் மட்டும் படிப்பதில்லை.

எவ்வளவு தெளிவாக எழுதினாலும் ஒரு இடத்தில் ஓட்டை இருக்கும், லைனில் வருகிறவர் மாறும்போது. வழக்கமான தம்பி விடுப்பில் போய் வேறொருவர் வந்தால், அவர் கையில் பழைய பட்டியல் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருக்கிறது, நிறுத்தத்தின் முதல் காலையில் வாசலைப் பார்ப்பது. எதிர்வீட்டு அக்காவிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "சனிக்கிழமை காலையில கதவைத் திறக்கும்போது எங்க வாசல்ல பால் இருந்தா எடுத்து வெச்சுக்கங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க." பத்து நாளும் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கும் பாரம், மூன்றாம் நாள் மறந்தும் போகும். முதல் காலை பால் வராவிட்டால் செய்தி நோட்டில் ஏறிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். வந்துவிட்டால் அன்றைக்கே அண்ணனை அழைக்க வேண்டும். திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், அடுத்த ஒன்பது காலையும் அதே தவறு நடக்கும். அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற சங்கடமும் சேர்ந்துவிடும்.

இந்த முறை சனிக்கிழமை காலை 6.15-க்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது, பால் வந்திருக்கிறது என்று. லைன் தம்பிக்குக் காய்ச்சல், அவருடைய மாமா வந்திருந்தார். ரயிலிலிருந்தே அண்ணனை அழைத்தேன். "மாமாகிட்ட சொல்ல விட்டுப்போச்சும்மா, இன்னிக்கே சொல்லிடுறேன்" என்றார். அந்த இரண்டு பாக்கெட்டுக்கு என்ன செய்வது என்று அவர் தயங்கியதும், "அதைக் கணக்கில் சேர்த்துக்கங்க அண்ணா, அக்கா எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பால் வீணாகவில்லை. முதல் நாளே தெரிந்ததால் அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து, பயணம் நடுவில் மாறியது. உறவினர் வீட்டில் ஒரு நாள் கூடத் தங்க வேண்டி வந்தது. திங்களுக்குப் பதில் செவ்வாய் காலை 7 மணிக்குத்தான் வந்து சேர்வோம். இந்த மாதிரி நேரத்தில் 'இன்னும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்' என்று அனுப்பத் தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய செய்தி ஏற்கெனவே கை மாறிப் போயிருக்கிறது. தம்பியிடம் இருப்பது பழையது, மாமா காதில் விழுந்தது பழையதில் பாதி. 'இன்னும் ஒரு நாள்' என்பதைப் படிக்கிறவர் எதோடு அதைக் கூட்டுவார்? அதனால் முழுச் செய்தியையும் புதிதாக எழுதினேன். "வீட்டு எண் 14. முன்பு சொன்னதில் ஒரு மாற்றம். 21 செவ்வாயும் பால் வேண்டாம். மறுபடி போட வேண்டிய நாள்: 22, புதன் காலை, 2 அரை லிட்டர். முந்தின செய்தியைப் பார்க்க வேண்டாம், இதுதான் சரி." இதை ஞாயிறு மதியமே அனுப்பினேன், செவ்வாய்க்கான ஆர்டர் போவதற்குள் நிறைய நேரம் இருந்தது. பதில் வந்தது: "22 புதன்."

பேப்பர் ஏஜெண்டுக்கும் அதேபோல ஒரு செய்தி. கூடைக்காரருக்குத் தேவைப்படவில்லை, அவருடைய அடுத்த நாள் 25 சனிதான், அது மாறவில்லை.

செவ்வாய் மாலை அண்ணனுக்கு ஒரு வரி அனுப்பினேன், நாளை என்ற சொல் இல்லாமல்: "22 புதன் காலையிலிருந்து பால் உண்டு அண்ணா." நிறுத்தும்போது எடுத்த கவனம் மறுபடி தொடங்கும்போது யாருக்கும் இருப்பதில்லை. பட்டியலில் ஒருமுறை அடிக்கப்பட்ட வீடு தானாகத் திரும்பி ஏறாது, யாராவது ஏற்ற வேண்டும். புதன் காலை 5.30-க்குப் பை கனமாகத் தொங்கியது.

மாதக் கடைசியில் கணக்கு வந்தது. 31 நாள் மாதம். பால் வேண்டாம் என்று சொன்ன நாள்கள் 11 முதல் 21 வரை, இரண்டும் சேர்த்து 11. மிச்சம் 20 நாள். அதில் 19 நாள் இரண்டு இரண்டாக 38, வெள்ளி 10-ஆம் தேதி ஒன்று மட்டும், ஆக 39. சனிக்கிழமை மாமா போட்ட இரண்டையும் சேர்த்தால் 41. அண்ணனின் சீட்டில் 42 என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாக்கெட் போதும் என்று வாயால் சொன்னது மட்டும் நோட்டில் ஏறவில்லை. சீட்டைக் காட்டியதும் அவரே நினைவுபடுத்திக்கொண்டு, பேனாவை எடுத்து அடித்துவிட்டு 41 என்று எழுதினார். அடுத்த முறை அதையும் எழுதியே அனுப்பிவிடுவேன்.